ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனால் ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள்: எப்படி?

பாம்பன் கடலோடி

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது, விசைப்படகில் போகிறவன். போன தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கக் காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியது. வலி இல்லாததால் அவனும் கண்டுகொள்ளவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு இருந்தது, வலை இழுக்கும்போது சொறிமீன் பட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்தான். ராத்திரி பாய் நனைகிற அளவுக்கு வேர்க்கும். வெயில் காலம், கரண்டும் இல்லை, வேர்க்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள். டி.பி. மாதிரி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் கட்டி குறையவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்தது. 68 கிலோ இருந்தவன் 59 ஆகிவிட்டான். கடைசியில் மதுரையில் கட்டியை அறுத்து எடுத்துப் பார்த்து ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிறார்கள். அதுவும் பிளட் கேன்சர் வகைதான் என்று சொன்னார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். இதுவரை எடுத்த ரத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 11.8, வெள்ளையணு 9,400, பிளேட்லெட் 4.1 லட்சம். "எல்லாம் ஓரளவு நார்மல்" என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். ரத்தம் நன்றாக இருக்கும்போது அது எப்படி ரத்தப் புற்றுநோய் ஆகும்? ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ என்று அம்மா அழுகிறார். ரத்தம் மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு சொந்தக்காரர் சொல்கிறார்.

உச்சிப்புளி சிவா

தம்பி, குழப்பிக்கொள்ள வேண்டாம். லுகேமியா என்றால் ரத்தத்தில் இருப்பது, லிம்போமா என்றால் நெறியில் இருப்பது. அதனால்தான் உங்கள் தம்பிக்கு ரத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கவனமாக இருங்கள். லிம்போமா முற்றி எலும்பு மஜ்ஜைக்குள் போய்விட்டால் அது லுகேமியாவாக மாறிவிடும். அதைத்தான் நாலாவது ஸ்டேஜ் என்பார்கள். என் சித்தப்பா வழியில் ஒருவருக்கு இப்படி ஆனது.

ஏர்வாடி மைந்தன்

நிணநீர்க் கட்டி என்றால் பயப்பட வேண்டாம் அண்ணே. எங்கள் பாட்டிக்கும் காலில் நிணநீர் தேங்கி யானைக்கால் வந்தது. கொசுவால் வருவது. மாத்திரை கொடுத்தார்கள், அப்படியே நின்றுவிட்டது.

தேவிபட்டினம் ஸ்லைடு

ஏர்வாடி தம்பி, அது வேறு சங்கதி. யானைக்காலில் புழு நிணநீர்க் குழாயை அடைக்கிறது. இங்கே பேசுவது நெறிக்குள் இருக்கிற செல்லே புற்றாவது.

கடலோடி தம்பிக்கு: நான் நோய்க்கூறு ஆய்வகத்தில் ரொம்ப காலம் இருந்தவன், ஊர் தேவிபட்டினம். ரிப்போர்ட் மாறியிருக்கும் என்று நினைக்க, நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. லிம்போமா வந்தவர்களில் பலருக்கு ரத்த எண்ணிக்கை இப்படித்தான் இருக்கும்.

நம் உடம்பில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. லிம்போமாவில் கெட்டுப்போவது அந்தக் குடும்பம்தான், லுகேமியாவிலும் பல வகைகளில் அதுதான். அவற்றில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவை நூற்றில் இரண்டு அளவுக்குத்தான். மிச்சமெல்லாம் நெறி, மண்ணீரல், டான்சில், குடல் சுவர், மஜ்ஜை என்று அங்கங்கே உட்கார்ந்திருக்கும். உங்கள் தம்பியின் கையிலிருந்து எடுத்த ரத்தம் அந்த இரண்டு பங்கைத்தான் காட்டியது. நோய் இருந்தது மற்ற பக்கத்தில்.

லுகேமியா தொடங்குவது மஜ்ஜையில். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் பிறக்கிற இடம் அதுதான். அங்கே புற்றுச் செல் நிரம்பினால் நல்ல செல் பிறக்க இடம் இருக்காது. சிவப்பணு குறைந்து ஆள் வெளுத்து மூச்சு வாங்குவார். பிளேட்லெட் குறைந்து பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வரும், காலில் சிவப்புப் புள்ளி விழும். நல்ல வெள்ளையணு குறைந்து காய்ச்சல் விடாது. திடீர் வகை என்றால் இதெல்லாம் சில வாரத்துக்குள் நடந்துவிடும். லிம்போமா அப்படியில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அந்த இடம்தான் முதலில் வீங்கும். மஜ்ஜை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் எண்ணிக்கை கெடாது.

ரத்தம் மாற்றுவது பற்றி: லுகேமியாவிலும் ரத்தம் ஏற்றுவது குறைந்ததை ஈடுகட்டத்தான், நோயைப் போக்க அல்ல. உங்கள் தம்பிக்கு 11.8 இருக்கும்போது அதுவும் தேவையில்லை.

சிவா சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

கீழக்கரை உம்மா

இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. நீங்கள் சொன்ன முதல் வகைதான் என் மகளுக்கு வந்தது. அப்போது அவளுக்கு 7 வயது. மழைக்காலம், தெருவில் நிறையப் பிள்ளைகளுக்கு டெங்கு. இவளுக்கும் காய்ச்சல். பிளேட்லெட் 18,000 என்றதும் நாங்களே டெங்கு என்று முடிவு கட்டிவிட்டோம். பப்பாளி இலைச் சாறு கொடுக்காத நாள் இல்லை.

ஆனால் அதற்கு முன்னாலேயே கால் வலிக்கிறது, நடக்க மாட்டேன், தூக்கு தூக்கு என்று அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று திட்டியிருக்கிறேன். சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி குத்தின மாதிரி சிவப்பு சிவப்பாக இருந்தது. எறும்புக் கடி என்று நினைத்தேன்.

ஒரு டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் 6.4 இருக்கிறதே, டெங்குவில் இப்படி இறங்காதே" என்றார். உடனே மதுரைக்கு அனுப்பினார். வெள்ளையணு வெறும் 3,900தான். ரத்தப் புற்றுநோய் என்றால் லட்சக்கணக்கில் ஏறும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நாங்கள் நம்பவே இல்லை. சிகிச்சை இரண்டரை வருஷம் நீண்டது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

தேவிபட்டினம் ஸ்லைடு

ராத்தா, அந்த டாக்டரம்மா பார்த்த இடம் மிகச் சரியானது. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டியாகும். பெரிய ரத்தப்போக்கு இல்லாதவரை ஹீமோகுளோபின் ஏறுமே தவிர 6-க்கு விழாது. டெங்குவில் விழுந்த பிளேட்லெட் காய்ச்சல் விட்ட சில நாளில் தானாக ஏறத் தொடங்கும். லுகேமியாவில் ஏறாது. பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் சேர்ந்து இப்படி விழுந்திருந்தால் இது வெறும் காய்ச்சல் இல்லை என்று நினைக்க வேண்டும். அந்தக் கால் வலியும் மஜ்ஜை நிரம்பிப் புடைப்பதால் வருவதுதான்.

வெள்ளையணு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். எண்ணிக்கை ஏறலாம், குறையலாம், நார்மலாகவும் இருக்கலாம். எந்திரம் எத்தனை என்று எண்ணிச் சொல்லும். அது என்ன செல் என்று தெரிய ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதிராத செல்லுக்கு உட்கரு பெரிதாக இருக்கும், சுற்றி நீல நிறத்தில் ஒரு ஓரம் மட்டும் தெரியும். ஆனால் டெங்குவிலும் லிம்போசைட் பெருத்து உருமாறி வரும். எந்திரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை அடிக்கும். அவசரத்தில் பார்ப்பவர் "டெங்குதானே" என்று கடந்துபோன கதையும் உண்டு.

சாயல்குடி பிரபு

ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் 15 வயதுப் பையன். இருமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறான். காலையில் முகம் வீங்கியிருக்கும். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு நடுவில் பெரிய கட்டி என்றார்கள். முதலில் டி-லிம்போமா என்றார்கள், மஜ்ஜை டெஸ்ட் வந்ததும் டி-லுகேமியா என்று மாற்றிவிட்டார்கள். டாக்டருக்கே தெரியவில்லை என்று அவன் அப்பா கத்திக்கொண்டிருக்கிறார். சிவா அண்ணன் சொன்ன மாதிரி அதற்குள் முற்றி மாறிவிட்டதா?

தேவிபட்டினம் ஸ்லைடு

இல்லை. மாறவில்லை, பெயர் வைக்கிற இடம்தான் மாறியது. சிவாவுக்குச் சொல்ல வேண்டியதும் இதில் வந்துவிடும்.

அந்தப் பையனுக்கு வந்திருப்பது முதிராத டி லிம்போசைட் கெடுகிற வகை. வளரும் பையன்களுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸில் அது பெருகும். அங்கிருந்து மூச்சுக் குழாயையும், தலையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய சிரையையும் அழுத்துவதால்தான் படுக்க முடியவில்லை, முகம் வீங்குகிறது. இதே செல் மஜ்ஜையிலும் இருக்கும். மஜ்ஜையை உறிஞ்சி எண்ணும்போது முதிராத செல் நூற்றுக்கு 25-க்குக் கீழே இருந்தால் லிம்போமா, அதற்கு மேல் இருந்தால் லுகேமியா என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் 25, சில இடங்களில் 20. நோய் ஒன்றே, மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றே. லுகேமியாவுக்குக் கொடுக்கிற நீண்ட சிகிச்சையைத்தான் இரண்டுக்கும் கொடுப்பார்கள். அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்று, மூச்சு முட்டுகிற பையனை ஸ்கேனுக்காகவோ வேறு எதற்காகவோ மல்லாக்கப் படுக்கப்போட்டால் ஆபத்து. அதை முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும்.

சிவா, உங்கள் தம்பியின் ஹாட்ஜ்கின் போன்ற மற்ற லிம்போமா மஜ்ஜைக்குப் போனால் அது மஜ்ஜையிலும் இருக்கிற லிம்போமா, அவ்வளவுதான். ஸ்டேஜ் 4 என்று எழுதுவார்கள், பெயர் லுகேமியா ஆகாது. திடீர் வகை லுகேமியாவுக்கு 1, 2, 3, 4 என்று அந்த மாதிரி ஸ்டேஜே கிடையாது. பிறந்த இடமே உடம்பெங்கும் உள்ள மஜ்ஜை, பரவல் என்று தனியாக எதை அளப்பது? லிம்போமாவுக்கு மட்டும் எத்தனை இடத்து நெறி, உதரவிதானத்துக்கு ஒரே பக்கமா இரண்டு பக்கமுமா என்று எண்ணுகிறார்கள்.

உச்சிப்புளி சிவா

என் தம்பி இல்லை அண்ணே, கடலோடியின் தம்பி. :) சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சொந்தக்காரருக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு பெயரும் சாய்கோடு போட்டு எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தொண்டி பெரியவர்

அந்தச் சாய்கோடு என் சீட்டிலும் இருக்கிறது. எனக்கு வயது 71. கண்புரை ஆபரேஷனுக்குப் போனபோது ரத்தம் பார்த்தார்கள். வெள்ளையணு 46,000. கண் டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். எனக்குக் காய்ச்சல் இல்லை, இளைப்பில்லை, தினம் கடற்கரை வரை நடக்கிறேன். அக்குளில் இரண்டு சின்ன நெறி, அதுவும் அவர்கள் தடவிச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். சி.எல்.எல். சாய்கோடு எஸ்.எல்.எல். என்று எழுதி, மருந்து ஒன்றும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வாருங்கள் என்கிறார்கள். வயதானவன் என்று கைகழுவிவிட்டார்களோ என்று பிள்ளைகள் சண்டைக்கு நிற்கிறார்கள்.

தேவிபட்டினம் ஸ்லைடு

ஐயா, கைகழுவவில்லை. இது மெதுவாகப் போகிற வகை, முதிர்ந்த பி லிம்போசைட் சேர்வது. ரத்தத்தில் அந்தச் செல் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000-க்கு மேல் மூன்று மாதமாவது இருந்தால் லுகேமியாப் பெயர். அதற்குக் கீழே இருந்து நெறியில் மட்டும் பெருத்திருந்தால் லிம்போமாப் பெயர். ஒரே நோய் என்பதால்தான் சாய்கோடு.

தொந்தரவு இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுவதாக இதுவரை தெரியவரவில்லை. அதனால் காத்திருந்து பார்ப்பதே முறை. 46,000 என்ற எண் மட்டும் மருந்து தொடங்கக் காரணமாகாது. ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இறங்குவது, நெறியோ மண்ணீரலோ வேகமாகப் பெருப்பது, காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவது, இவற்றில் ஏதாவது வந்தால் தொடங்குவார்கள். சளி, நிமோனியா மட்டும் உங்களுக்குச் சுலபமாகப் பிடிக்கும், தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கண் ஆபரேஷனைப் பற்றி ரத்த நோய் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

மண்டபம் சிஸ்டர்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கடலோடி தம்பியின் பதிவைப் படித்தால் டி.பி. மாத்திரை கொடுத்தவர்கள் தப்பு செய்த மாதிரி தெரியும். எங்கள் பக்கம் கழுத்தில் நெறியோடு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையிலேயே டி.பி.தான். ஊசி டெஸ்டில் டி.பி. மாதிரி என்று எழுதி வந்தால் நாங்கள் என்ன செய்வது? எல்லாரையும் அறுத்துப் பார்க்க அனுப்பினால், கூலி போகிறது, பஸ் காசு போகிறது என்று பாதிப்பேர் மறுபடி வரவே மாட்டார்கள்.

தேவிபட்டினம் ஸ்லைடு

சிஸ்டர், சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஹாட்ஜ்கினில் ஒரு தந்திரம் இருக்கிறது. வீங்கிய அந்த நெறியில் உண்மையான புற்றுச் செல் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். மிச்சம் முழுவதும் அதைச் சுற்றிக் கூடிய நல்ல செல்கள். ஊசி உறிஞ்சுவது ஒரு துளி, அதில் அந்த ஒன்று சிக்காமல் போவது சாதாரணம். போதாததற்கு, டி.பி.யில் வருகிற மாதிரியான செல் திரட்சி ஹாட்ஜ்கினிலும் வரும். ஊசியில் அது சிக்கினால் யார் பார்த்தாலும் டி.பி. என்றுதான் எழுதுவார்.

அதனால்தான் முழு நெறியையும் எடுக்கச் சொல்கிறோம். பாதியாக அறுத்து மேசையில் வைத்தால், லிம்போமா நெறி பெரும்பாலும் அறுத்த மீன்சதை போல வெளிறிய, வழவழப்பான ஒரே பரப்பாக இருக்கும். எங்கள் பாடப் புத்தகத்திலேயே அப்படித்தான் சொல்வார்கள். டி.பி. நெறியில் நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி உதிரும். அப்புறம் மெல்லிய சீவலாக்கிச் சாயம் போட்டால், இரண்டு உட்கருவோடு ஆந்தை விழிப்பது மாதிரியான ஒரு பெரிய செல் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று அதற்குப் பெயர்.

நடைமுறையில் நான் கேட்பது இரண்டுதான். டி.பி. என்று தொடங்குமுன் அதே ஊசியில் எடுத்ததை சிபிநாட் டெஸ்டுக்கும் அனுப்புங்கள், கிருமி இருக்கிறதா என்று தெரியட்டும். அப்புறம், காறை எலும்புக்கு மேலே உள்ள நெறி, அரிப்பு, பாய் நனைகிற வேர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழப்பு, இப்படிச் சேர்ந்து வந்தால் மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். கடலோடியின் தம்பிக்கு 68-இல் 9 கிலோ போயிருக்கிறது.

மண்டபம் சிஸ்டர்

வேர்வையும் எடை குறைவதும் டி.பி.யிலும் உண்டு அண்ணே. சிபிநாட்டிலும் நெறி டி.பி. எல்லா முறையும் சிக்குவதில்லை. டி.பி. நெறி மருந்து சாப்பிடும்போதே ஒரு தரம் பெருத்துவிட்டு அப்புறம் அடங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பெருத்ததும் புற்றுநோய் என்று பயந்து ஓடினால் அதுவும் சரியில்லை. இரண்டு மாதம் காத்திருப்பது அதிகமா என்றால், இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

தேவிபட்டினம் ஸ்லைடு

நீங்கள் சொல்வதும் நடப்பதுதான். கிருமி உறுதியான ஆளுக்குப் பெருத்தால் காத்திருக்கலாம், உறுதியாகாத ஆளுக்குக் கூடாது என்பது என் பக்கம். மருத்துவர்களிடையேகூட இதில் ஒரே பேச்சு கிடையாது.

ஒன்றில் மட்டும் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன். மருந்துக் கடையில் கொடுக்கிற ஸ்டீராய்டு. டெக்ஸா ஊசியோ பிரட்னிசலோன் மாத்திரையோ போட்டால் லிம்போமா நெறி சுருங்கும், சில வகைகளில் சில நாளிலேயே. ஆள் குணமானதாக நினைப்பார். அந்த நேரத்தில் அறுத்துப் பார்த்தால் செத்த செல்தான் இருக்கும், பெயர் சொல்ல முடியாது. பிள்ளைகளின் லுகேமியாவிலும் இதே கதைதான். கொஞ்ச நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அரிப்புக்கும் காய்ச்சலுக்கும் யாராவது ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மண்டபம் சிஸ்டர்

அதில் மறுபேச்சே இல்லை.

பாம்பன் கடலோடி

அண்ணே, அரிப்புக்கு அவனுக்கு ஊசி போட்டார்கள்! என்ன ஊசி என்று சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. போட்டதும் பத்து நாள் கட்டி கொஞ்சம் அமுங்கின மாதிரிதான் இருந்தது. அதைக் கேட்டுச் சொல்கிறேன்.

அம்மாவிடம் நூற்றில் இரண்டு கணக்கைச் சொன்னேன். "அப்ப ரத்தத்தை ஏன்டா திரும்பத் திரும்ப எடுத்தாங்க" என்று கேட்டார். நாளைக்கு பெட் ஸ்கேன். மஜ்ஜையும் எடுக்க வேண்டுமா? இடுப்பில் ஊசி குத்துவார்கள் என்று அவன் பயப்படுகிறான்.

தேவிபட்டினம் ஸ்லைடு

அம்மாவுக்குப் பதில்: மருந்து தொடங்கினால் கல்லீரல், சிறுநீரகம், எண்ணிக்கை எல்லாம் தாங்குமா என்று பார்க்க ரத்தம் வேண்டும். ஈ.எஸ்.ஆர். எவ்வளவு என்று அதிலேயே இருக்கும், ஹாட்ஜ்கினில் அந்த எண்ணுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஹாட்ஜ்கினுக்கு பெட் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் மஜ்ஜை ஊசி தேவைப்படாது, ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். லுகேமியா சந்தேகம் என்றால் மஜ்ஜை எடுக்காமல் நகரவே முடியாது. முடிவு அவனுடைய டாக்டருடையது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. நெறியை மெழுகில் பதித்த கட்டை ஒன்று லேபில் இருக்கும், பிளாக் என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

ஏர்வாடி மைந்தன்

எனக்கும் தாடைக்குக் கீழே ஒரு நெறி ரொம்ப நாளாக இருக்கிறது, சொத்தைப் பல் வலிக்கும்போது பெரிதாகும். இதையும் அறுக்க வேண்டுமா?

தேவிபட்டினம் ஸ்லைடு

முதலில் பல்லைப் பாருங்கள். பல் சரியான பிறகும் மூன்று நாலு வாரத்தில் குறையாவிட்டால் காட்டுங்கள்.

பாம்பன் கடலோடி

ஊசி டெக்ஸாதான். மதுரை டாக்டரிடம் சொல்லிவிட்டேன், நல்ல வேளை அறுப்பதற்கு ரொம்ப முன்னால் போட்டது, ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது என்றார். பெட் ஸ்கேன் வந்துவிட்டது: கழுத்திலும் நெஞ்சு நடுவிலும் மட்டும், உதரவிதானத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, மஜ்ஜை சுத்தம். ஸ்டேஜ் 2, வேர்வையும் எடையும் இருப்பதால் பக்கத்தில் ஒரு பி எழுதியிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மருந்து ஏற்றுவார்களாம். பிளாக்கை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அம்மா அதைச் சாமி மாடத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார், விளக்குச் சூடு படும் என்று வேண்டாம் என்றேன்.